ஆஃபர் லெட்டருக்கும் ஜாயினிங் தேதிக்கும் நடுவே

2019. தேனி மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. வளாகத் தேர்வு நாள். எங்கள் நிறுவனத்தைப் பற்றிய அறிமுகப் படம் ஓடி முடிந்திருந்தது. எழுத்துத் தேர்வு தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருந்ததால் தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். தூணோரம் நாலைந்து மாணவர்கள் ஒரு போனைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஒரு பெண் கேட்டுக்கொண்டிருந்தாள்: "அண்ணா, இந்த கம்பெனி எப்படிண்ணா? எழுதலாமா?"

ஸ்பீக்கரில் பதில் வந்தது. "எழுது பாப்பா. சம்பளம் தேதி தவறாம வந்துரும். ஆனா அவங்க சொல்ற முப்பதாயிரம் கைக்கு வராது. அதை மட்டும் முன்னாடியே கேட்டுக்க."

அந்த அண்ணன் எங்களிடம்தான் இரண்டு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அறிமுகப் படத்துக்கும் பேனருக்கும் பெயர் அச்சடித்த டி-ஷர்ட்டுகளுக்கும் அந்த வருடம் நல்ல தொகை செலவழித்திருந்தோம். இரண்டு நிமிட போன் பேச்சு அத்தனையையும் தாண்டிப் போய்விட்டது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

புதிதாகப் படித்து வெளியே வருகிறவர்களைத் தேடி ஒன்பது வருடம் கல்லூரி கல்லூரியாகப் போனவன் நான். சுமார் 700 பேர் வேலை செய்த மென்பொருள் சேவை நிறுவனம் அது. சொந்தமாக விற்கப் பொருள் எதுவும் கிடையாது. வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுப்பது, ஏற்கெனவே இருப்பதைப் பழுதுபார்ப்பது, இவைதான் தொழில். இப்படிப்பட்ட நிறுவனம் விற்பது ஆட்களின் நேரத்தை. ஆள் கிடைக்காவிட்டால் வேலையை ஒப்புக்கொள்ள முடியாது. வேலை வராவிட்டால் ஆட்களை வைத்துக்கொள்ள முடியாது. இனி சொல்லப்போகும் சிக்கல்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் முளைத்தவை.

ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்வதைப் பற்றி வெளியில் இருக்கும் பேச்சை மனிதவளத் துறையில் 'எம்ப்ளாயர் பிராண்ட்' என்பார்கள். சைமன் பாரோவும் லண்டன் பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த டிம் ஆம்ப்ளரும் 1996-ல் எழுதிய கட்டுரை அந்தச் சொல்லை நிலைநிறுத்தியது. வேலையால் ஒருவருக்குக் கிடைக்கும் தொழில்சார்ந்த பயன், பணப்பயன், மனத்துக்குக் கிடைக்கும் பயன் மூன்றும் சேர்ந்த மூட்டைதான் அது என்று அவர்கள் வரையறுத்தார்கள். லோகோவோ விளம்பர வாசகமோ அந்த மூட்டையில் இல்லை. நம் ஊரில் இதற்கு வெகுகாலமாகவே ஒரு சொல் உண்டு: பேர். "அந்தக் கம்பெனிக்குப் பேர் எப்படி?" என்றுதான் அப்பாக்கள் கேட்பார்கள்.

நடுத்தர நிறுவனத்துக்கு முதல் இடறல் அங்கேயே வந்துவிடும். டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், காக்னிசன்ட் பெயர்கள் தெருமுனை மளிகைக் கடை வரை தெரியும். எங்கள் பெயர் தெரியாது. "எந்தக் கம்பெனிப்பா? கேள்விப்பட்டதே இல்லையே" என்று பெண்ணின் தாய்மாமா ஒருவர் கேட்டுவிட்டால் அந்த வீட்டில் பேச்சு திசை மாறிவிடும். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்குகிறவர்கள் சிற்றூர்க் கல்லூரிகளில் நிறைய. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையில் சேர்ந்து படித்தவர்கள். ஆஃபர் லெட்டரைப் பிரித்துப் படித்து "இதில் இது சரியில்லை" என்று சொல்ல அவர்கள் வீட்டில் ஆள் இல்லை. அவர்களுக்கு இருக்கும் ஒரே வழிகாட்டி மூன்று வருடம் முன்பு படித்துப் போன அண்ணனோ அக்காவோதான். ஆகவே பெயர் தெரியாத நிறுவனத்தின் பேர் அந்த அண்ணனுக்கு நேர்ந்ததிலிருந்து உருவாகிறது.

அவர் சொன்ன முப்பதாயிரம் கணக்கைப் பார்ப்போம். வருடத்துக்கு 3,60,000 ரூபாய் என்று ஆஃபர் லெட்டரில் இருக்கும். மாணவர் அதைப் பன்னிரண்டால் வகுத்து 30,000 என்று வீட்டில் சொல்வார். ஆனால் அந்தத் தொகை சி.டி.சி., அதாவது அவருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. மாதக் கணக்காகப் பிரித்தால், அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொண்டால், நிறுவனம் கட்டும் பி.எஃப். 1,800. பணிக்கொடைக்கு ஒதுக்குவது சுமார் 720. இது பொதுவாக ஐந்தாண்டு முடித்தால்தான் கிடைக்கும். மருத்துவக் காப்பீட்டுக்கு 500. வருடக் கடைசியில், வேலையைப் பொறுத்துத் தரப்படும் ஊக்கத்தொகை மாதம் 2,000 என்று கணக்கு. இவை போனால் சம்பளச் சீட்டில் நிற்பது 25,000-க்குச் சற்றுக் குறைவு. அதிலிருந்து ஊழியர் பங்கான பி.எஃப். 1,800-ம் தொழில்வரியாக 200 ரூபாய் சொச்சமும் பிடிக்கப்படும். கைக்கு வருவது சுமார் 23,000.

இதில் மோசடி எதுவும் இல்லை. பி.எஃப். அவர் பணம்தான், பின்னால் அவருக்கே வரும். ஆனால் 30,000 வரும் என்று நம்பி அப்பா ஒரு சீட்டில் சேர்ந்திருப்பார். சென்னை பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் மூன்று பேர் தங்கும் அறைக்குச் சாப்பாட்டோடு 8,000 போகும். கல்விக்கடன் தவணை 4,000. வீட்டுக்கு 5,000 அனுப்பினால் மிச்சம் 6,000. பேருந்து, மதிய உணவு, போன், தீபாவளிக்குத் தங்கைக்கு ஒரு சுடிதார் எல்லாம் அதற்குள். முதல் மாதச் சம்பளம் வந்த நாளில் "ஏன் ஏழாயிரம் குறையுது?" என்று கேட்டு மனிதவளப் பிரிவுக்கு வரும் பிள்ளையின் முகத்தில், ஏமாற்றப்பட்டோமோ என்ற சந்தேகம் தெளிவாகத் தெரியும். அதே கேள்வியை அவர் ஜூனியர்களுக்கும் அனுப்பியிருப்பார்.

அந்தப் போன் பேச்சுக்குப் பிறகு நாங்கள் ஒரு தாளைத் தயாரித்தோம். ஒரே பக்கம், தமிழில். மேலே பெரிய எழுத்தில் கைக்கு வரும் தொகை, கீழே அது எப்படி வந்தது என்ற கணக்கு. எழுத்துத் தேர்வுக்கு முன்பே கொடுத்துவிடுவோம். மேலதிகாரிகளில் சிலர் தயங்கினார்கள். பக்கத்து நிறுவனம் 30,000 என்று சொல்லும்போது நாம் மட்டும் 23,000 என்றால் ஆள் வருவானா என்று கேட்டார்கள். அது நியாயமான அச்சம். தாளைப் பார்த்துவிட்டு எழுந்து போனவர்களும் உண்டு. ஆனால் முதல் சம்பள நாளில் கேள்வியோடு வருகிறவர்கள் ஏறக்குறைய இல்லாமலே போனார்கள். வேறொன்றையும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மாணவர்கள் அந்தத் தாளைப் படமெடுத்து, மற்ற நிறுவனங்கள் வரும்போது அதே கணக்கைக் கேட்க ஆரம்பித்தார்கள்.

வேலையைப் பற்றிச் சொல்வதிலும் இதே வழியைப் பிடித்தோம். ஜான் வேனஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1973-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படும். தொலைபேசி ஆபரேட்டர் வேலைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான விளம்பரப் படத்தையும், இன்னொரு பகுதியினருக்கு வேலையின் சலிப்பையும் கண்காணிப்பையும் சேர்த்துக் காட்டிய படத்தையும் போட்டார். உள்ளதைப் பார்த்தவர்களும் மற்றவர்களைப் போலவே வேலையை ஒப்புக்கொண்டார்கள். சேர்ந்த பிறகு விட்டுப் போக நினைத்தது அவர்கள் நடுவே குறைவாக இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் இந்தப் பலன் உண்மைதான், ஆனால் சிறியதுதான் என்று காட்டின. என் அனுபவமும் அதுவே. முன்கூட்டிச் சொல்வதால் மோசமான வேலை நல்ல வேலையாகிவிடாது. அதிர்ச்சி மட்டும் குறையும்.

எங்கள் விஷயத்தில் அதிர்ச்சி எதில் இருந்தது? ஜாவாவும் பைத்தானும் படித்துவிட்டு, புதிதாக ஒரு செயலியைக் கட்டப்போகிறோம் என்று வருவார்கள். முதல் ஒன்றரை வருடம் பதினைந்து வருடப் பழைய மென்பொருளில் பிழை தேடுவதும், சோதனை செய்வதும், வாடிக்கையாளரின் புகார்ச் சீட்டுகளை முடிப்பதும்தான் இருக்கும். அமெரிக்க வாடிக்கையாளர் என்றால் மாலையில் தொடங்கி நள்ளிரவு வரை ஷிஃப்ட். பெண்ணைப் பெற்றவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். வண்டி வீட்டு வாசல் வரை வருமா, வண்டியில் காவலர் இருப்பாரா, ஹாஸ்டல் வாசற்கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள். கடைசிக் கேள்வியை நாங்கள் யோசித்ததே இல்லை. எங்கள் வண்டி ஒரு மணிக்குக் கொண்டுவிடும், ஹாஸ்டல் பத்து மணிக்கே பூட்டிவிடும். கம்பம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா கேட்ட பிறகுதான் அது புரிந்தது. பிறகு அலுவலகத்தைச் சுற்றியிருந்த ஹாஸ்டல்களோடு பேசி, எங்கள் அடையாள அட்டை இருந்தால் இரவிலும் திறப்பதாக எழுதி வாங்கினோம். பெற்றோர்களிடம் இதைச் சொல்ல நாங்கள் போகாமல், அதே கல்லூரியில் படித்த, இரவு ஷிஃப்ட் பார்க்கும் பெண்ணையே அனுப்பினோம். அவள் சொன்னது எங்கள் வார்த்தைகளைவிட எடை கூடியதாக இருந்தது.

இப்படியெல்லாம் மெல்லச் சேர்த்த பேரை ஒரே பருவத்தில் தொலைத்தோம். அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பொறியியல் மாணவர்களை ஏழாவது செமஸ்டரில், ஆகஸ்டிலிருந்து டிசம்பருக்குள் தேர்வு செய்வார்கள். அவர்கள் படிப்பை முடித்து வேலையில் சேர்வது அடுத்த ஜூலைக்குப் பிறகு. ஆகவே எத்தனை ஆள் வேண்டும் என்பதைக் குறைந்தது ஒன்பது மாதம் முன்பே ஊகிக்க வேண்டும். 2022 இலையுதிர்ப் பருவத்தில் வாடிக்கையாளர்கள் ஆள் கேட்டுத் துரத்திக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அடுத்த வருடம் 110 பேர் தேவை என்று கணக்கு. ஆனால் ஆஃபர் வாங்கியவர்களில் பத்துக்கு நாலு பேர் பெரிய நிறுவனங்களுக்குப் போய்விடுவது முந்தைய வருடங்களின் வழக்கம். அதனால் 110 பேர் வர வேண்டும் என்று 180 பேருக்குக் கடிதம் கொடுத்தோம். பேருந்தில் இருக்கையைவிடக் கூடுதலாகச் சீட்டு கிழிப்பது போன்ற காரியம்தான். தொழிலில் எல்லோரும் செய்வதுதான் என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை.

2023-ல் சந்தை விழுந்தது. பெரிய நிறுவனங்களே புதியவர்களைச் சேர்ப்பதைத் தள்ளிப்போட்டன. வருடம் 6.5 லட்சம் என்று தேர்வு செய்திருந்தவர்களிடம், 3.5 லட்சத்துக்குச் சேரச் சம்மதமா என்று 2023 பிப்ரவரியில் விப்ரோ கேட்டது அன்று நாளிதழ்களில் வந்த செய்தி. பெரிய நிறுவனங்களுக்குப் போயிருக்க வேண்டிய எங்கள் பிள்ளைகளும் போகவில்லை. 180 பேரில் 165 பேர் எங்களிடம் வரத் தயாராக இருந்தார்கள். கையில் இருந்த வேலையோ 70 பேருக்குத்தான். ஆகஸ்டில் 40 பேர், டிசம்பரில் 30 பேர் சேர்ந்தார்கள். மீதி 95 பேருக்கு மாதம் ஒரு மின்னஞ்சல் போனது: தேதி விரைவில் அறிவிக்கப்படும்.

அந்த மின்னஞ்சலை எழுதியவர்களில் நானும் ஒருவன். அதைப் படிக்கும் வீட்டில் என்ன நடக்கிறது என்று அப்போது சரியாக யோசிக்கவில்லை. கல்விக்கடனில் படிப்புக்காலமும் அதற்குமேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பது வழக்கமான விதி. மே மாதம் படிப்பு முடிந்தால் அடுத்த மே வரை மூச்சுவிட இடம் இருக்கிறது. எங்கள் கடிதத்தை நம்பிக் காத்திருந்தவர்களுக்கு அந்த ஒரு வருடம் அப்படியே கரைந்தது. நிலுவை மூன்று லட்சம் என்றால், பத்து வருடத் தவணையில் மாதம் நாலாயிரம் ரூபாய் சம்பளமே இல்லாத வீட்டின் மேல் விழும். இன்னொன்றும் உண்டு. ஒரு மாணவருக்கு ஒரு ஆஃபர் என்பது பல கல்லூரிகளின் விதி. ஒன்றில் தேர்வானவர் அடுத்து வரும் நிறுவனத்தின் தேர்வில் உட்கார முடியாது. எங்கள் கடிதத்தை வாங்கியதாலேயே அந்த 95 பேரும் மற்ற நிறுவனங்களின் பந்தியில் உட்காரவில்லை. அடுத்த வருடம் அவர்கள் 'போன வருட பேட்ச்' ஆகிவிட்டார்கள். பல நிறுவனங்கள் அந்த வருடம் முடித்தவர்களை மட்டுமே எடுக்கும்.

இதைப் பயன்படுத்திக்கொள்ளவும் ஆட்கள் வந்தார்கள். எங்கள் பெயரைப் போட்டுப் போலிக் கடிதம் தயாரித்து, "ஒன்றரை லட்சம் கொடுத்தால் ஜாயினிங் தேதி வாங்கித் தருகிறோம்" என்று கன்சல்டன்சி என்ற பெயரில் சிலர் போன் செய்தார்கள். நாங்கள் வாயை மூடியிருந்ததால் அவர்கள் பேச இடம் கிடைத்தது. இரண்டு வீடுகளில் பணம் கட்டிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

இப்படி நடப்பதை முன்கூட்டியே அறிய வழி இருக்கிறது. நாங்கள் மொத்த எண்ணிக்கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்: இத்தனை ஆஃபர், இத்தனை பேர் சேர்ந்தார்கள். கல்லூரிவாரியாகப் பிரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சிற்றூர்க் கல்லூரிகளிலிருந்து வருகிறவர்கள் பத்துக்கு ஒன்பது பேர் எப்போதுமே சேர்ந்திருந்தார்கள். விட்டுப் போனவர்கள் பெரும்பாலும் சென்னை, கோவைக் கல்லூரிகளைச் சேர்ந்தவர்கள், கையில் இரண்டு மூன்று ஆஃபர் இருந்தவர்கள். நாற்பது சதவீதம் போய்விடுவார்கள் என்ற சராசரியைத் தேனிக்கும் பொருத்தியதுதான் எங்கள் தவறு. சொன்ன சொல்லை நம்பி வேறெங்கும் போகாதவர்களையே அதிகமாகக் காக்க வைத்துவிட்டோம்.

அதன் பிறகு நாங்கள் மாற்றியவை இரண்டே விஷயம். முதலாவது, கட்டாயம் எடுப்போம் என்று நிதிப்பிரிவு கையெழுத்துப் போட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒரு கடிதமும் கிடையாது. ஆள் குறைந்தால் ஜனவரியில் இன்னொரு முறை கல்லூரிக்குப் போய்க்கொள்வோம். அதனால் செலவு கூடும், நல்ல மாணவர்கள் சிலர் கைநழுவுவார்கள். இரண்டாவது, கடிதத்திலேயே ஒரு கடைசித் தேதி. அந்தத் தேதிக்குள் சேர்த்துக்கொள்ளாவிட்டால் மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை தொடங்கும். அதோடு, அவர் எங்கள் கடிதத்துக்குக் கட்டுப்பட்டவர் இல்லை என்று கல்லூரிக்கு எழுத்தில் போகும். அந்தப் பத்தாயிரம் எங்கள் தலைக்கு மேல் தொங்கியதால்தான் எண்ணிக்கையை ஒழுங்காகப் போட ஆரம்பித்தோம் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு வருட பாண்டையும் அப்போதே எடுத்துவிட வேண்டும் என்று கேட்டேன், அது நடக்கவில்லை. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் நின்றது.

பேர் திரும்புகிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இணையத்தில் வரும் நட்சத்திர மதிப்பீடுகளை நான் அதிகம் நம்புவதில்லை. ஒரு கல்லூரியிலிருந்து வந்தவர்கள் தம் ஜூனியர்களைப் பரிந்துரைக்கிறார்களா என்பதைப் பார்ப்பேன். பரிந்துரைக்குப் பணம் கொடுக்கும் நிறுவனம் என்றால் அதுவும் பொய்க்கணக்குக் காட்டும், ஆகவே பணம் இல்லாமல் வரும் பரிந்துரையைத் தனியாக எண்ண வேண்டும். ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது இன்னொரு கணக்கு. ஆனால் ஒரு கல்லூரியிலிருந்து வருவது ஆறு பேர்தான். கல்யாணமாகி ஒரு பெண் ஊர் மாறினாலே ஆறில் ஒரு பங்கு போய்விடும். மூன்று பேட்ச்களைச் சேர்த்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

ஊருக்குப் பக்கத்திலேயே அலுவலகம் திறக்கலாமே என்றும் பேச்சு வந்தது. 2024-ல் விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் சேலத்திலும் மினி டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டன. 23,000 ரூபாயோடு சென்னையில் திணறுகிறவர் வீட்டிலிருந்தே வேலைக்குப் போனால், ஹாஸ்டலுக்குக் கொடுக்கும் 8,000 மிஞ்சும். ஆனால் எங்களிடமே சிலர் தயங்கினார்கள். பெரிய வாடிக்கையாளர்களும் மூத்தவர்களும் சென்னையில் இருக்க, ஊர் அலுவலகத்துக்குப் போனால் பதவி உயர்வில் மறந்துவிடுவார்களோ என்ற பயம். மூத்த மேலாளர் ஒருவராவது குடும்பத்தோடு அங்கே போய்க் குடியேறும் வரை அந்தப் பயத்தைச் சொற்களால் போக்க முடியாது என்பது என் எண்ணம். எங்கள் நிறுவனத்தில் யாரும் போக முன்வரவில்லை.

தேனிக் கல்லூரிக்கு வருகிறேன். 2022-ல் அங்கே 22 பேருக்குக் கடிதம் கொடுத்திருந்தோம். சேர்த்துக்கொண்டது ஏழு பேரை. 2024 ஆகஸ்டில் மறுபடி தேதி கேட்டு போன் செய்தபோது வேலைவாய்ப்பு அலுவலர் சொன்னார்: "சார், உங்களை வரச் சொன்னா பசங்க அரங்கத்துக்கே வர மாட்டாங்க. முதல்ல அந்தப் பதினஞ்சு பேருக்கு ஒரு வழி சொல்லுங்க."

பட்டியலை எடுத்து ஒவ்வொருவரையும் நானே அழைத்தேன். எட்டுப் பேர் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள், அதில் இரண்டு பேர் படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலையில். மூன்று பேர் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எடுக்கவே இல்லை. மூன்று பேர் வருவதாகச் சொன்னார்கள், அவர்களை மறுதேர்வு இல்லாமல் பழைய சம்பளத்துக்கே சேர்த்தோம். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "இதை அப்பவே போன் பண்ணிச் சொல்லியிருந்தா போதும் சார், வேற எங்கயாவது போயிருப்பேன்" என்றார்.

அந்த வருடம் கல்லூரி எங்களுக்கு ஆகஸ்டில் நாள் தரவில்லை. மற்ற நிறுவனங்கள் எல்லாம் வந்து போன பிறகு, ஜனவரியில் பொங்கல் விடுமுறை முடிந்து ஒரு சனிக்கிழமை கொடுத்தார்கள். அரங்கில் 31 பேர் இருந்தார்கள். கைக்கு வரும் தொகைத் தாளோடு கடைசித் தேதி எழுதிய கடிதத்தின் மாதிரியையும் கொடுத்தோம். எழுத்துத் தேர்வுக்கு முன் இடைவேளையில் சில மாணவர்கள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். திரும்பி வந்து எழுதியவர்கள் 19 பேர். அவர்களில் நாலு பேரை எடுத்தோம்.